ஒரே மைதானம், நான்கு வயதுக் குழுக்கள்: 12 நாள் கால்பந்து முகாமின் நேர அட்டவணை

எடுத்துக்கொண்ட நிகழ்வு இது. வெயில் காலத்தில் 12 நாள் தங்கிப் பயிலும் சிறுவர் கால்பந்து முகாம். மொத்தம் 100 பேர்: 8–9 வயதில் 20, 10–11 வயதில் 28, 12–13 வயதில் 28, 14–16 வயதில் 24. எட்டுப் பயிற்சியாளர்கள். மைதானம் ஒன்றே ஒன்று. புல்தரை, 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், வடக்கு தெற்காக அமைந்தது. சூரிய உதயம் காலை 5:50, அஸ்தமனம் மாலை 6:30.

முதலில் வரைந்த அட்டவணை பார்வைக்கு நியாயமாகவே இருந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் முழு மைதானம், காலையில் 75 நிமிடம், மாலையில் 75 நிமிடம். காலை 6 மணிக்குத் தொடங்கி நான்கு குழுக்களும் வரிசையாக இறங்கினால் 11 மணிக்கு முடியும். மாலை 3 மணிக்குத் தொடங்கினால் எட்டுக்கு முடியும். கடைசிக் குழுவுக்கு விளக்கு வேண்டும். எல்லாருக்கும் சம நேரம் கிடைக்கிறது. ஆனால் சமமான வெயில் கிடைக்கவில்லை. காலையில் நான்காவதாக வரும் குழு 9:45 முதல் 11 வரை ஆடுகிறது. மாலையில் முதலில் வரும் குழு மூன்று மணிக்கே, தரை கொதிக்கும்போது இறங்குகிறது. குழுக்களைத் தினமும் சுழற்றி விட்டாலும் ஆபத்து குறையாது; அது வேறொரு குழுவின் தலைக்கு மாறும், அவ்வளவுதான்.

இந்த வரைவில் மைதானத்தைப் பங்கிட வேண்டிய பொருளாக நினைத்துவிட்டார்கள். உண்மையில் பற்றாக்குறை மைதானத்துக்கு அல்ல, வெயில் தாழ்ந்த நேரத்துக்கு. அதை முதலில் எண்ணிப் பார்த்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது

நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுப்புள்ளியே சூரியன் உச்சிக்கு வரும் நேரம். இந்த முகாமில் அது 12:10. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில் அது ஒரு மணிக்கும் அப்பால் போய்விடும். ஆகவே "11 முதல் 2 வரை ஓய்வு" என்று எங்கிருந்தோ எடுத்த நேரத்தை அப்படியே ஒட்டக்கூடாது. அந்த ஊரின் உதயமும் அஸ்தமனமும் தெரிந்தால் போதும்.

அடுத்தது நிழல். வெட்டவெளியில் நிற்கும் ஒருவரின் நிழல் அவர் உயரத்தைவிடக் குறுகிவிட்டால் சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறிவிட்டது என்று பொருள். அதன்பின் கதிரின் வலு வேகமாகக் கூடும். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் வரும் இடங்களில் இது உச்சிக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே நிகழ்ந்துவிடும். இங்கே அது காலை 9 மணியை ஒட்டி வருகிறது. கணக்குப்படி மாலையிலும் 3 மணியை ஒட்டி நிழல் மறுபடி ஆளின் உயரத்தைவிட நீண்டுவிடும். ஆனால் அதை நம்பி மூன்றரைக்கு இறங்குவது தவறு. காற்றின் வெப்பநிலை உச்சத்தைத் தொடுவது நண்பகலில் அல்ல, அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. தரையும் அதுவரை வாங்கிய சூட்டைப் பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். காலைப் பக்கம் மூன்று மணி நேரம் கிடைத்தால் மாலைப் பக்கம் ஒன்றேகால் மணி நேரம்தான் கிடைக்கும். இந்த முகாமுக்கு அது காலை 6 முதல் 9 வரை, மாலை 5 முதல் 6:15 வரை என்று முடிவானது. செயற்கைப் புல்தரையாக இருந்திருந்தால் மாலையின் தொடக்கத்தை இன்னும் தள்ளியிருக்க வேண்டும். நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸையும் தாண்டிவிடும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் தணிந்து மீண்டும் ஏறும், கூடவே ஈரப்பதமும் சேரும்.

ஆக ஒரு நாளைக்கு நாலேகால் மணி நேரம். முதல் வரைவு கேட்டதோ பத்து மணி நேரம்.

நேரத்தை வெட்டாமல் தரையை வெட்டுவது

காலை மூன்று மணி நேரத்தை நான்காகப் பிரித்தால், குழுக்கள் மாறும் நேரம் போக, ஒரு குழுவுக்கு 40 நிமிடம்கூடத் தேறாது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் இறங்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பழக்கத்தில் எல்லாரும் நடுக்கோட்டில் வெட்டுவார்கள்: வடக்குப் பாதி ஒரு குழு, தெற்குப் பாதி ஒரு குழு. இதில் இரண்டு சிக்கல். பாதியின் அகலவாட்டில் ஆடினால் ஆட்டம் கிழக்கு மேற்காகப் போகும். காலை ஆறரைக்கும் மாலை ஐந்தே முக்காலுக்கும் சூரியன் ஒரு கோல்கீப்பரின் கண்ணுக்கு நேரே நிற்கும். மைதானங்களை வடக்கு தெற்காக அமைப்பதே இதைத் தவிர்க்கத்தான். நீளவாட்டில் ஆடினால் ஒரு கோல் கம்பம் நடுக்கோட்டுக்கு வந்துவிடும். தவறிய ஒவ்வொரு ஷாட்டும் அடுத்த குழுவின் நடுவே போய் விழும்.

இங்கே மைதானத்தை நீளவாட்டில் வெட்டினார்கள். கிழக்குப் பட்டை ஒன்று, மேற்குப் பட்டை ஒன்று, தலா 34 மீட்டர் அகலம். இரண்டுக்கும் நடுவே 4 மீட்டர் காலியாக விட்டுக் கோன் வரிசை. ஒவ்வொரு பட்டையையும் இரண்டு சிறு ஆடுகளமாகப் பிரித்தால் ஏறத்தாழ 50 மீட்டருக்கு 32 மீட்டர். ஆட்டம் வடக்கு தெற்காகவே போகிறது. பின்னோடு பின்னாக நிற்கும் இரண்டு கோல்களும் ஒரே குழுவுடையவை, இடையில் 5 மீட்டர் இடைவெளி. அடுத்த குழுவோடு பகிர்வது பக்கக்கோடு மட்டும் என்பதால் வேகமான பந்து குறுக்கே போவது அரிது.

எண்ணிக்கையும் பொருந்தி வந்தது. 28 பேர் என்றால் ஏழுக்கு ஏழாக இரண்டு ஆட்டம். 24 பேர் ஆறுக்கு ஆறு. 20 பேர் ஐந்துக்கு ஐந்து. யாரும் வெளியே நின்று காத்திருப்பதில்லை. முழு மைதானத்தில் 28 பேர் பதினொன்றுக்குப் பதினொன்று ஆடினால் ஆறு பேர் வெயிலில் சும்மா நிற்பார்கள். பயிற்சி நேரம் குறைந்துவிட்டது என்று பயிற்சியாளர்கள் வருந்தும்போது காட்ட வேண்டிய கணக்கு இது.

யாரை யாரோடு இறக்குவது? அடுத்தடுத்த வயதுகளைத்தான். எட்டு வயதுப் பையனுக்குப் பக்கத்துப் பட்டையில் பதினாறு வயதுக்காரர்கள் முழு வலுவோடு உதைத்துக்கொண்டிருந்தால் 4 மீட்டர் இடைவெளி போதாது. ஆகவே 8–9, 10–11 ஒரு ஜோடி. 12–13, 14–16 ஒரு ஜோடி. கோல் கம்பங்கள் இரண்டு ஷிஃப்டுக்கும் அதே இடத்தில் நிற்கின்றன. நகர்த்தக்கூடிய கம்பம் என்றால் ஒவ்வொன்றையும் பின்பக்கம் மணல் மூட்டையாலோ தரை ஆணியாலோ கட்டாயம் பிடித்து வைக்க வேண்டும். குழந்தைகள் தொங்கிக் கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

யார் முதலில்

முதல் ஷிஃப்ட் காலை 6:00 முதல் 7:15 வரை, சிறியவர்கள். இரண்டாவது 7:30 முதல் 8:50 வரை, பெரியவர்கள். குளிர்ந்த நேரம் சிறுவர்களுக்குப் போவது இதில் ஒரு பயன். உறக்கத்தின் கணக்கும் இதையே கேட்கிறது. 6 முதல் 12 வயதுக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பார்கள், தூக்கம் வராது. அவர்களை 5:20க்கு எழுப்பினால் ஏழு மணி நேரம்கூடத் தேறாது. அந்தக் கடன் நாளுக்கு நாள் சேரும். உறக்கம் குறைந்த உடம்பு சூட்டையும் மோசமாகத்தான் தாங்கும். 7:30க்கு இறங்குபவர்கள் 6:30க்கு எழுந்தால் போதும். பத்து மணிக்குப் படுத்தாலும் எட்டரை மணி நேரம் கிடைக்கிறது. சிறியவர்கள் எட்டு மணிக்குப் படுத்து 5:20க்கு எழுகிறார்கள். இது நடக்க வேண்டுமானால் இரு தரப்பும் வேறு வேறு அறைகளில், முடிந்தால் வேறு வேறு மாடியில் தூங்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தரை மணிச் சத்தத்தில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அட்டவணை காகிதத்தோடு நின்றுவிடும்.

ஷிஃப்டுக்குள்ளும் வரிசை முக்கியம். காலையில் நேரம் ஆக ஆகச் சூடு ஏறுகிறது. ஆகவே ஓட்டம் அதிகமுள்ள பயிற்சி முதல் 35 நிமிடத்தில், பந்தை நிறுத்தல், கடத்தல், செட் பீஸ் போன்றவை பிற்பாதியில். மாலையில் தலைகீழ்: மெதுவானது முதலில், ஆட்டம் கடைசியில். பயிற்சியாளர்கள் காலையிலும் ஆட்டத்தைக் கடைசிக்கு வைப்பதுதான் வழக்கம், சிறுவர்களும் அதைத்தான் கேட்பார்கள். 8:30க்கு வரும் ஆட்டம்தான் அன்றைய நாளின் மிகக் கடினமான 20 நிமிடம் என்பதை நினைவில் வைத்து இதை மாற்றியாக வேண்டும்.

7:15க்கும் 7:30க்கும் இடையிலான 15 நிமிடத்தைப் பலர் வீண் என்று நினைத்து வெட்டுவார்கள். அதை வெட்டினால் வெட்டியவர்களுக்கே அது திரும்பிவரும். முதல் ஜோடி தெற்குப் பக்கம் வெளியேற, இரண்டாம் ஜோடி வடக்குப் பக்கம் எல்லைக்கோட்டுக்கு வெளியே வார்ம்அப் செய்துகொண்டிருக்கும். 7:30க்குக் களத்தில் நுழையும்போது உடம்பு தயாராக இருப்பதால் களத்தின் 80 நிமிடமும் பயிற்சிக்கே. முதல் ஷிஃப்ட் பத்து நிமிடம் தாமதமானால்? இரண்டாவது பத்து நிமிடத்தை இழக்கும், 8:50 நகராது. தொடக்கம் தள்ளிப்போகலாம், முடிவு தள்ளிப்போகக்கூடாது. இந்த ஒரு விதி இல்லாத முகாம்களில் நான்காம் நாள் வாக்கில் கடைசி விசில் ஒன்பதரைக்குப் போய்விடும். யாரும் முடிவெடுத்து அப்படிச் செய்வதில்லை. ஐந்தைந்து நிமிடமாக நகர்ந்துதான் அங்கே வந்து சேர்கிறது.

மாலை: தினமும் எல்லாருக்கும் அல்ல

மாலையில் ஒரு ஷிஃப்டுக்குத்தான் இடம்: 5:00 முதல் 6:10 வரை. ஒரு நாள் ஒரு ஜோடி, மறுநாள் மற்ற ஜோடி. இது நெருக்கடியால் வந்த சமரசம்போலத் தோன்றலாம். ஆனால் உடம்பு சூட்டுக்குப் பழகும் விதத்துக்கும் இதுவே ஏற்றது. பழகுவதற்கு 7 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. அமெரிக்காவின் தேசியத் தடகளப் பயிற்சியாளர் சங்கம் முன்னின்று 2009இல் உயர்நிலைப் பள்ளி வீரர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் முதல் 5 நாள் ஒரு வேளைப் பயிற்சி மட்டும் என்கிறது. ஆறாம் நாள் முதல் இரு வேளை வைக்கலாம். ஆனால் இரு வேளை நாளுக்கு மறுநாள் ஒரு வேளையோ ஓய்வோ இருக்க வேண்டும், இரு வேளைகளுக்கு இடையே குளிர்ந்த இடத்தில் குறைந்தது 3 மணி நேரம் வேண்டும். அது பதின்ம வயதினருக்கு எழுதப்பட்டது. சிறியவர்களுக்கு அதைவிடத் தளர்வாக வைக்க எந்தக் காரணமும் இல்லை.

இதன்படி 1 முதல் 5ஆம் நாள் வரை எல்லாருக்கும் காலை மட்டும். சிறியவர் ஜோடிக்கு 6, 9, 11ஆம் நாட்களில் மாலையும் உண்டு. பெரியவர் ஜோடிக்கு 8, 10, 12ஆம் நாட்களில். ஏழாம் நாள் எல்லாருக்கும் முழு ஓய்வு. 8–9 வயதுக்காரர்கள் மாலையில் 5:25க்குத்தான் இறங்குவார்கள், 45 நிமிடம் விளையாட்டு மட்டும். நடுவில், நான்காம் நாளில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் அவருக்கு அது முதல் நாள். குழு ஒன்பதாம் நாளில் இருந்தாலும் அவர் ஆறாம் நாளில்தான் இருக்கிறார். காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ இருந்து எழுந்தவரையும் உடனே பழைய அளவுக்குத் தள்ளக்கூடாது.

கூட்டிப் பார்த்தால் 10–11 வயதுக் குழுவுக்கு 11 காலைகளும் 3 மாலைகளும் சேர்ந்து 17 மணி 15 நிமிடம். முதல் வரைவு 30 மணி நேரம் என்றது. கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. இதை மறைக்காமல் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இடைவேளையும் தண்ணீரும்

20 நிமிடத்துக்கு ஒரு முறை 4 நிமிடம் நிழலில் நிற்க வேண்டும் என்பது திட்டம். இதைக் கெடுப்பது பெரும்பாலும் குழாய்தான். 48 பேருக்கு ஒரே குழாய், ஒருவருக்கு 15 விநாடி என்றால் கடைசிப் பையனுக்குத் தண்ணீர் கிடைக்க 12 நிமிடம் ஆகும். அதனால் பாதிப் பேர் குடிக்காமலே திரும்புவார்கள். குறிப்பாகச் சிறியவர்கள், தள்ளுமுள்ளுக்குப் பயந்து. இங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய பாட்டில், குழுவாரியாகக் கிரேட்டில், அந்தந்தப் பட்டையின் பக்கக்கோட்டில். பாட்டிலை நிரப்புவது பயிற்சிக்கு முன், வேறு ஆளின் வேலை.

அளவு: 9–12 வயதுக்கு 20 நிமிடத்துக்கு 100 முதல் 250 மில்லி, பதின்ம வயதினருக்கு மணிக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் சொன்ன அளவு இது. இங்கே காலை இரண்டு ஷிஃப்டுக்கும் குடிக்க மட்டும் 120 லிட்டரும், துணி நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட இன்னும் 30 லிட்டரும் வைத்தார்கள். அதே அறிக்கை சொல்லும் இன்னொன்றும் திட்டமிடுபவர்களுக்கு முக்கியம்: தண்ணீர் சரியாகக் குடித்த குழந்தைகளின் உடம்பு, வெப்பத்தைச் சமாளிப்பதில் பெரியவர்களைவிடப் பலவீனமானது அல்ல. அதிக உழைப்பும் போதாத ஓய்வும்தான் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவை அட்டவணையில் இருப்பவை.

நிழல் நகரும் என்பதையும் மறக்கக்கூடாது. காலையில் பந்தலின் நிழல் அதன் கால்களுக்கு மேற்கே விழும், மாலையில் கிழக்கே. கிரேட்டுகளைக் காலை ஆறு மணி நிழலில் வைத்துவிட்டு எட்டரைக்குப் பார்த்தால் தண்ணீர் வெந்நீராகியிருக்கும்.

அளக்கும் கருவியும் நிறுத்தும் அதிகாரமும்

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூபிஜிடி என்ற அளவில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20, காற்றின் வெப்பநிலைக்கு 10 என்று பங்கு. அதாவது வியர்வை காயுமா என்பதே பெரும்பங்கு. விடியற்காலையில் வெப்பநிலை தாழ்ந்திருந்தாலும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். காற்றும் நின்றுவிட்டால் ஆறரை மணிக்கே சட்டை பிழியும் அளவுக்கு நனைந்து, சூடு மட்டும் இறங்காமல் இருக்கும். கையடக்கக் கருவியை மைதானத்தின் நடுவே, இடுப்புக்கு மேல் உயரத்தில், நேர் வெயிலில் சில நிமிடம் நிறுத்தி அளக்க வேண்டும். அலுவலக நிழலில் அளந்த எண் உதவாது. கைப்பேசிச் செயலி காட்டும் எண் வேறெங்கோ உள்ள நிலையத்துடையது.

இந்த முகாமின் விதி: டபிள்யூபிஜிடி 28 பாகை செல்சியஸ் வரை வழக்கம்போல, 28 முதல் 30 வரை 15 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை, 30ஐத் தாண்டினால் ஓட்டப் பயிற்சி கிடையாது, மொத்த நேரம் பாதி, 32இல் எல்லாரும் வெளியே. பெரியவர்களின் சர்வதேச ஆட்டங்களில் குளிர்விப்பு இடைவேளைக்கு ஃபிஃபா வைத்திருந்த எல்லை 32 என்பதோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் கடுமைதான். சிறுவர்களுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அளப்பவரும் நிறுத்துபவரும் ஒருவரே, அவர் பயிற்சியாளர் அல்ல. நல்ல பயிற்சி போய்க்கொண்டிருக்கும்போது அதைத் தானே நிறுத்தும் மனம் யாருக்கும் எளிதில் வராது.

நிழலில் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீரும் ஐஸும் தயாராக இருந்தன. ஒரு பையன் உளறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், எரிந்து விழுந்தால் அது வெறும் களைப்பு அல்ல. வியர்வை இருக்கிறதே என்று தள்ளிவிடவும் கூடாது. ஓடியதால் வரும் வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர்கள் உடனே கழுத்து வரை தொட்டியில் இறக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வண்டியில் ஏற்றுதல்.

நடுப்பகல்

ஒன்பது முதல் ஐந்து வரை எட்டு மணி நேரம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை அரிக்கும். ஜிம், படிக்கட்டு ஓட்டம், கூடத்தில் விளையாட்டு என்று நிரப்பினால் மைதானத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். இங்கே குளியல், சாப்பாடு, பின் ஒன்றரை மணி நேரம் படுத்திருத்தல், அதன்பின் ஆட்ட விதிகளையும் நிலைகளையும் பலகையில் வைத்து 40 நிமிட வகுப்பு. மீதி அவர்கள் விருப்பம், நிழலுக்குள். ஓய்வறையையும் முன்கூட்டியே அளக்க வேண்டும். தகரக் கூரைக் கூடம் பிற்பகலில் வெளியே மரத்தடியைவிடச் சூடாக இருக்கும். அங்கே படுக்க வைத்தால் ஐந்து மணிக்கு இறங்கும் உடம்பு காலையின் சூட்டைச் சுமந்தேதான் இறங்கும்.

கைவிட்ட வேளையும் கடைசி நாளும்

ஒரு வேளை மழையாலோ வெப்பத்தாலோ ரத்தானால் அது போனதுதான். மறுநாள் சேர்த்து ஈடுகட்டுவது, பத்து மணிக்கு மேகம் மூடியிருக்கிறதே என்று நீட்டிப்பது இரண்டும் தடை; மேகம் விலக ஐந்து நிமிடம் போதும், 52 பேரைக் களத்திலிருந்து கலைத்து அறைக்குக் கொண்டுபோக அதைவிட அதிக நேரமாகும்.

பதினொரு நாள் ஒழுங்காக நடந்த அட்டவணை உடைவது பெரும்பாலும் இறுதி நாளில். விருந்தினர் பத்து மணிக்கு வருவார், பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்று இறுதி ஆட்டம் பத்தரைக்குப் போகும். சிறுவர்களும் அன்றுதான் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். இங்கே சிறியவர்களின் ஆட்டங்கள் வழக்கமான காலை ஷிஃப்டிலேயே முடிந்தன. பெரியவர்களுக்குக் காலையில் பந்தோடு 30 நிமிட லேசான பயிற்சி மட்டும். அவர்களின் இறுதி ஆட்டங்கள் மாலை ஐந்து மணிக்கு. அழைப்பிதழில் அச்சிட்ட நேரம் மாலை 4:45. பரிசளிப்பு 6:20க்கு.